டர்பன் துறையில் திருமுறைக் கல்வி

திருச்சிற்றம்பலம்



திருவிழாக் காலங்களில் திருமுறைகளின் அருமை பலவாறு எடுத்துரைக்கப்படுகின்றது. பாடிய அருளாளர் வரலாறும், பாடல் பெற்ற தலங்களின் சிறப்பும் நாம் அடிக்கடி கேட்பனவே. அப்பாடல்கள் ஓதுவாரும் திருமடமும் இல்லாத நாட்டில், தமிழ் எழுத்தே அறியாத பிள்ளைகளின் நாவில் எவ்வாறு ஏறின என்பது நாம் அதிகம் எண்ணிப் பாராத செய்தி. அதனை இன்று ஓர் ஊரை மட்டும் கொண்டு ஆராயப் புகுகின்றோம். அவ்வூர் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள டர்பன் துறைமுகம்.

கடல் கடந்து தமிழர் குடியேறிய துறைமுகங்கள் பல. இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், போர்ட் லூயிஸ் ஆகிய ஒவ்வொன்றிற்கும் தனித்தனி வரலாறு உண்டு. பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் நாகப்பட்டினத்திலிருந்து நெடுங்காலம் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. ஓர் ஆசிரியர் மறைந்தால் மற்றொருவரை வரவழைக்கலாம். ஏடு தேய்ந்தால் புது நூல் வாங்கலாம். டர்பனுக்கு அந்த வசதி ஒரு காலத்தில் முற்றும் அற்றுப்போயிற்று. ஊற்று அடைபட்ட பின்னரும் குளம் வற்றாமல் நின்றது எவ்வாறு என்று அறிய விரும்புவோர்க்கு டர்பனே தக்க சான்று.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அதில் வந்தோர் 342 பேர். நேட்டால் நாட்டின் கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள். 1911ஆம் ஆண்டு இந்த ஆள் அனுப்பும் முறை நிறுத்தப்படும் வரை, ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்டோர் அத்துறையில் இறங்கினர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறையிலிருந்து கப்பல் ஏறியவர்கள். வட ஆர்க்காடு, செங்கற்பட்டு முதலிய மாவட்டங்களின் தமிழரும், வடக்கேயிருந்து வந்த தெலுங்கரும் அக்கூட்டத்தில் இருந்தனர்.

அவர்களுள் கற்றோர் சிலரே. ஆகமம் பயின்ற குருக்களும் பண் பயின்ற ஓதுவாரும் கரும்பு வெட்டும் ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைப்பது அரிதன்றோ! நூறு ஆடவருக்கு நாற்பது பெண்டிர் என்ற அளவிலேயே மகளிர் அனுப்பப்பட்டனர். ஆதலால் தொடக்க நாள்களில் தாயும் தந்தையும் பிள்ளையுமாகக் கூடிய குடும்பங்களே குறைவு. வாரத்தில் ஆறு நாள் தோட்ட வேலை. ஞாயிறு ஒன்றே ஓய்வு. சமயக் கல்விக்குக் கிடைத்த பொழுது மாலை விளக்கு வைத்த பின் ஒரு நாழிகையும், ஞாயிற்றுக்கிழமையின் ஒரு பகுதியும் ஆகும். இந்தக் கால அளவை நினைவிற் கொண்டால்தான், பின்னர் அங்கே உருவான முறைகளின் காரணம் நமக்கு விளங்கும்.

முதல் தலைமுறையில் பள்ளி என்று ஒரு கட்டடம் இல்லை. வரிசை வீடுகளில் எழுத்தறிந்த ஒருவர் இருந்தால் அவரே வாத்தியார். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன், சில தோத்திரங்கள் ஆகிய இவையே பாடம். எழுத்தறியாதார்க்கும் ஒரு கல்வி இருந்தது, அது தெருக்கூத்து. டர்பன் தமிழரிடையே அதற்கு 'ஆறடி ஆட்டம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் ஒன்று இன்றும் வழங்குகின்றது. விடிய விடிய ஆடப்பட்ட அக்கூத்தில் பிள்ளைகள் பாரதக் கதையையும் புராணக் கதைகளையும் கண்ணாலும் செவியாலும் கற்றனர். கோயில் விழாக்களும் அந்நாட்டு ஓய்வு நாளைத் தழுவி அமைந்தன. டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோ என்னும் ஊரில் உள்ள மாரியம்மன் கோயிலில், கிறித்தவர்களின் பெரிய வெள்ளியை ஒட்டிப் பெருந்திரளான மக்கள் கூடி வழிபடும் வழக்கம் இன்றளவும் உண்டு. தோட்டத்தில் விடுமுறை கிடைத்த நாளே அம்மனுக்கு விழா நாளாயிற்று. இதனை முறை பிறழ்வு என்று ஒதுக்குவது எளிது. ஆயினும் பிள்ளையோடு தாய் தந்தையர் கோயிலுக்குச் செல்லக்கூடிய நாள் அதுவே என்பதை எண்ணினால், அது கல்விக்காகச் செய்துகொண்ட ஏற்பாடாகவே தோன்றும்.

அரசு பிள்ளைகளுக்குக் கல்வி தரவில்லையோ எனின், சிறிதளவு தந்தது. இந்தியக் குடியேறிகளின் பள்ளிகளுக்கென 1878ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரு வாரியம் ஏற்பட்டது. பள்ளிகளுள் பெரும்பாலானவற்றைக் கிறித்தவ மடத்தார் நடத்தினர். பாடமொழி ஆங்கிலம். தமிழும் சைவமும் குடும்பத்தார் தம் பொழுதில், தம் பொருளில் பார்த்துக்கொள்ள வேண்டியவை ஆயின. எனவே தொடக்க முதலே பிள்ளைகளுக்கு இரு பள்ளிகள்: பகலில் பிழைப்புக்குரிய பள்ளி, மாலையில் கோயிலைச் சார்ந்த பள்ளி. இரண்டாவது பள்ளிக்கு ஆசிரியர் ஊதியமும் இல்லை, தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை. அது நடந்தமைக்கு ஒரே காரணம், பெற்றோர் பிள்ளையைக் கைப்பிடித்துக் கொண்டுபோய் விட்டமையே.

கோயில்கள் பெருகப் பெருக இப்பள்ளிகளுக்கு இடம் கிடைத்தது. 1875ஆம் ஆண்டளவில் உம்பிலோ ஆற்றங்கரையில் ஒரு கோயில் எழுந்தது. பின்னர் வெள்ளத்தால் அது அழிந்தது. அதன் வழியில் வந்த அம்பலவாணர் ஆலயம் 1947ஆம் ஆண்டு கேட்டோ மேனர் என்னும் பகுதியில் கட்டப்பெற்றது. பழைய கோயிலிலிருந்து மீட்கப்பெற்ற வேலைப்பாடமைந்த கதவுகள் புதிய ஆலயத்தின் வாயிலில் பொருத்தப்பட்டுள்ளன. சுவர் போயினும் கதவு மிஞ்சிற்று. இது கல்வியிலும் அவ்வாறே நிகழ்ந்தது என்பதை மேலே காண்போம்.

இனி, ஊற்று அடைபட்ட வரலாற்றைக் கூறுவோம். 1911இல் தொழிலாளர் வருகை நின்றது. 1913ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தால், இந்தியாவிலிருந்து புதிதாகக் குடியேறுதல் ஏறக்குறைய முற்றும் தடைப்பட்டது. முன்பே குடியேறியவர்தம் மனைவி மக்கள் வருதற்கு மட்டும் சிறிது வழி இருந்தது. ஆசிரியரோ ஓதுவாரோ வந்து தங்கிக் கற்பிக்க இடமில்லை. பின்னர் 1946இல், தென்னாப்பிரிக்க அரசு இந்தியர்மீது இழைத்த கொடுமைகளைக் கண்டித்து, இந்தியா அந்நாட்டோடு வாணிகத்தை நிறுத்திக்கொண்டது. அறத்தின்பாற்பட்ட அச்செயலால் விளைந்த ஒரு பக்க விளைவு, தமிழ் நூல்கள் நேரே சென்று சேர்வதும் அறிஞர் போய் வருவதும் அரிதானமை. 1993இல் இரு நாட்டு உறவு மீண்டும் மலரும் வரை இந்நிலை நீடித்தது. 1913க்கும் 1993க்கும் இடையே 80 ஆண்டுகள். முப்பாட்டன் கற்றதை மட்டுமே முதலாக வைத்துக் கொள்ளுப்பேரன் வரை குடும்பம் நடத்த வேண்டிய நிலை அது.

அந்த 80 ஆண்டுகளில் தமிழ் வீட்டு மொழி என்ற நிலையிலிருந்து இறங்கியது. ஆங்கிலப் பள்ளியில் படித்த பெற்றோர், தம் பிள்ளைகளோடு ஆங்கிலத்திலேயே பேசத் தொடங்கினர். 1960ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் தமிழை வீட்டு மொழியாகக் குறித்தோர் அந்நாட்டில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டிருந்தனர். 1980இல் அத்தொகை கால் லட்சம் அளவிற்குச் சுருங்கியது. இருபதே ஆண்டில் நேர்ந்த வீழ்ச்சி இது. மொழி ஒழிந்தால் அம்மொழியில் அமைந்த திருமுறை ஒழிதல் இயல்பே. ஆயினும் டர்பனில் திருமுறை ஒழியவில்லை. அதற்குக் காரணமாயிருந்த ஓர் ஏற்பாடு, மொழி முற்றும் தளர்வதற்கு முன்பே அங்கே வேரூன்றியிருந்தது.

1937ஆம் ஆண்டு டர்பனில் சைவ சித்தாந்த சங்கம் தோன்றியது. அதனைத் தொடங்கியவர் குரு சுப்பிரமணிய சுவாமிகள். வாரந்தோறும் கூட்டு வழிபாடு நடத்துவது சங்கத்தின் முறை. ஆடவரும் மகளிரும் சிறுவரும் ஒருங்கே அமர்ந்து திருமுறைப் பாடல்களைச் சேர்ந்து பாடுவர். பொருளுரை பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமையும். நம் நாட்டுக் கோயில்களில் ஓதுவார் ஒருவர் ஓத, மற்றையோர் கேட்டு நிற்பர். டர்பனிலோ ஓதுவார் இல்லை. எனவே அவையே ஓதுவாராயிற்று. அக்காலத்தே கிறித்தவச் சபைகள் சேர்ந்து பாடும் வழிபாட்டால் ஏழைத் தொழிலாளரை ஈர்த்துக்கொண்டிருந்தன. பொருள் விளங்காத பூசையின் புறத்தே நின்ற ஓர் இளைஞனுக்கு, தானும் வாய் திறந்து பாடும் வழிபாடு வேறொரு சபையில் கிடைத்தால், அவன் அங்கே செல்வதைத் தடுப்பது எது? சங்கத்தின் கூட்டு வழிபாடு இவ்வினாவிற்கு விடையாயிற்று.

இங்கே ஒரு தடை எழுந்தது. சேர்ந்து பாடுவதற்குக் கையில் நூல் வேண்டும். நூலைப் படிக்கத் தமிழ் எழுத்துத் தெரிய வேண்டும். எழுத்தறியாதோர் பெருகிய நிலையில் பாடல்களை ஆங்கில எழுத்தில் பெயர்த்து எழுதி அச்சிடும் வழக்கம் பரவியது. இதனால் வந்த நன்மை பெரிது. எழுத்துக் கற்கும் இரண்டு மூன்று ஆண்டுக் காலத்தைக் கடக்காமலே, ஒரு பிள்ளை முதல் வாரத்திலேயே பாட்டில் கலந்துகொள்ள முடிந்தது. இதனால் நேர்ந்த தீமையும் உண்டு. அது யாது என்பதைச் சற்று விரித்துக் காட்டுவோம்.

சங்கத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'சங்கம்' என்பதை அங்குள்ளோர் ஆங்கிலத்தில் எழுதும்போது எஸ், யு, என், ஜி, யு, எம் என ஆறு எழுத்துகளால் எழுதுகின்றனர். ஆங்கிலச் சொற்கள் பலவற்றில் 'யு' என்னும் எழுத்து அகரம் போல ஒலிப்பதால் இவ்வாறு எழுதினர். முன்னோர் இதனைச் 'சங்கம்' என்றே படித்தனர். ஏனெனில் அச்சொல் அவர்கள் செவியில் முன்னரே இருந்தது. செவியில் இல்லாத பேரன் அதனைச் 'சுங்கும்' என்று படித்தால் அவனைக் குறை கூற இயலுமோ? 'கவுண்டர்' என்னும் பட்டம் டர்பனில் 'கோவெண்டர்' என்று திரிந்து குடும்பப் பெயராய் நின்றதும், எழுதியவன் காதுக்கும் படித்தவன் நாவுக்கும் இடையே நேர்ந்த இத்தகைய திரிபினாலேயே ஆகும்.

பெயரில் நேர்ந்தால் அது வேடிக்கை. திருமுறையில் நேர்ந்தால் பொருளே மாறும். 'அரன்' என்றால் சிவபெருமான்; 'அரண்' என்றால் கோட்டை; 'அறன்' என்றால் அறம். இம்மூன்றும் ஆங்கில எழுத்தில் ஒன்றே. 'நீறு' எனும் வல்லின றகரம் இடையின ரகரமாய் மெலிந்தால், திருநீறு வெறும் நீரின் பக்கம் சாய்ந்துவிடும். 'தாள்' என்பது இறைவன் திருவடி. 'தால்' என்பது நா. 'கோள்' விண்ணில் உள்ளது. 'கோல்' கையில் உள்ளது. ல, ள, ழ மூன்றையும், ன, ண, ந மூன்றையும், ர, ற இரண்டையும் பிரித்துக் காட்டத் தனிக் குறிகள் இடாவிட்டால், அந்த எழுத்துமுறை பொருளைக் காத்து நிற்க வல்லதன்று.

ஆங்கில எழுத்து வந்ததனால்தான் இவ்வேறுபாடுகள் கெட்டன என்று சிலர் கருதலாம். அது முழு உண்மையன்று. முதற்கப்பல்களில் வந்தோருள் பலர் வட தமிழ் மாவட்டத்தார். அப்பக்கத்துப் பேச்சில் 'பழம்' என்பது 'பயம்' என ஒலிப்பதை நாம் இன்றும் கேட்கலாம். எனவே ழகரம் கப்பல் ஏறும்போதே பலர் நாவில் தளர்ந்திருந்தது. தமிழ் ஏட்டைக் கண்முன் வைத்துப் பாடம் சொன்ன ஆசிரியர், அத்தளர்ச்சியை எழுத்தைச் சுட்டித் திருத்த முடிந்தது. ஆங்கில எழுத்து அந்தத் திருத்தும் கருவியைப் பறித்துவிட்டது. அது புதிய நோயைத் தந்தது என்பதினும், பழைய நோய்க்கிருந்த மருந்தை நீக்கியது என்பதே பொருந்தும்.

அவ்வாறாயின் திருமுறை அங்கே முற்றும் சிதைந்திருக்க வேண்டுமே? சிதையாமல் காத்தவை மூன்று. அவை மூன்றும் பாடம் சொல்லும் முறையிலேயே அடங்கியுள்ளன.

முதலாவது, செவிப்பாடம். ஆசிரியர் ஓரடி பாட, பிள்ளைகள் அவ்வடியைத் திரும்பப் பாடுவர். பின் ஈரடி, பின் முழுப் பாட்டு. ஒரு பதிகத்தில் பெரும்பாலும் பதினொரு பாட்டு. வாரத்திற்கு ஒரு பாட்டு எனக் கொண்டால், பதினொரு வாரத்தில் ஒரு பதிகம் முடியும். பன்னிரண்டாம் வாரம் முழுதும் ஓதிப் பார்க்கலாம். ஆண்டிற்கு நான்கு பதிகம். ஏழு வயதிற் சேர்ந்த பிள்ளை பதினேழு வயதிற்குள் நாற்பது பதிகங்களைக் கேட்டுப் பாடியிருக்கும். ஞாயிறு ஒரு நாழிகையே கிடைப்பினும் இவ்வளவு இயலும். இம்முறையில் தாள் நினைவூட்டும் துணை மட்டுமே. பாடம் ஆசிரியர் குரலில் இருக்கின்றது.

இரண்டாவது, சந்தம். ஞானசம்பந்தப் பெருமான் பாடல்களைச் சேர்ந்து பாடும்போது, ஒரு குறிலை நெடிலாக்கினால் அடி மற்றையோரோடு சேராது இடறும். தனியே பாடுவோன் பிழையைத் தான் அறியான். கூட்டத்தில் பாடுவோனை அருகில் இருப்பவர் குரலே திருத்தும். ஆங்கில எழுத்தில் குறில் நெடில் வேறுபாடு தெளிவாக இல்லாதிருந்தும், டர்பன் அன்பர் வாயில் பெரும்பாலும் அது நிலைத்தமைக்கு இதுவே காரணம். ஆயினும் சந்தத்தின் காவலுக்கு எல்லை உண்டு. 'அரன்' என்றாலும் 'அறன்' என்றாலும் தாளம் ஒன்றே. ஆதலால் அளபு காக்கப்பட்டது. எழுத்து வேறுபாடு காக்கப்படவில்லை. ஒரு சங்கத்தில் பாடம் ஆசிரியர் வழியாக வந்ததா, தாளின் வழியாக வந்ததா என்று அறிய விரும்புவோர் இவ்விரண்டையும் கேட்டால் போதும். நெடிலும் குறிலும் சரியாயிருந்து றகர ளகரங்கள் மயங்கினால், அங்கே செவிவழி அறுபடவில்லை, கண்வழியே அறுந்தது என்க. நெடிலும் குறிலும் கூட மயங்கினால் ஆசிரியர் மறைந்து தாள் மட்டும் மிஞ்சியது என்க.

மூன்றாவது, பதிகத்தின் அமைப்பு. சம்பந்தப் பெருமான் பதிகங்களுள் பெரும்பாலானவற்றில் எட்டாம் பாட்டு இராவணனைக் குறிக்கும். ஒன்பதாம் பாட்டு மாலும் அயனும் தேடியதைக் கூறும். பத்தாம் பாட்டில் சமண பௌத்தரைப் பற்றிய குறிப்பு வரும். இறுதியில் திருக்கடைக்காப்பு அவர்தம் பெயரோடு முடியும். பாட்டின் சொற்பொருள் முழுதும் விளங்காத பிள்ளைக்கும் இவ்வரிசை ஒரு படிக்கட்டாய் உதவும். எட்டுக்குப் பின் பத்து வந்தால் ஒன்று விட்டுப்போயிற்று என்று அப்பிள்ளையே உணரும். நூல் கிடைக்காத நாட்டில் நூலின் பிழையைக் காட்டும் அளவுகோல் பாட்டின் உள்ளேயே இருந்தது என்பது வியப்பன்றோ!

இவ்வாறு நிலைபெற்று வந்த கல்விக்கு நேர்ந்த பெருஞ்சோதனை ஒன்றையும் கூறவேண்டும். டர்பன் நகரசபையில் துப்புரவு முதலிய வேலை செய்த இந்தியத் தொழிலாளர், 'மேகசின் பாரக்ஸ்' என்னும் குடியிருப்பில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். நெருக்கமான வரிசை வீடுகள். வசதிகள் மிகக் குறைவு. ஆயினும் கோயிலும், பாடம் சொல்பவரும், கூத்தாடுவோரும், மேளக்காரரும் கூப்பிடு தூரத்தில் இருந்தனர். பிள்ளையை வகுப்பிற்கு அனுப்ப வண்டி வேண்டியதில்லை. வாசலில் நின்று கூப்பிட்டால் போதும். 1950ஆம் ஆண்டில், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரிக்கும் சட்டம் வந்தது. அதன் விளைவாக 1960களில் இக்குடியிருப்பினரும், கேட்டோ மேனர் முதலிய பகுதியினரும் பெயர்க்கப்பட்டனர். பலர் நகருக்குத் தெற்கே புதிதாக எழுந்த சாட்ஸ்வொர்த்தில் வைக்கப்பட்டனர். கேட்டோ மேனரில் வீடுகள் இடிக்கப்பட்ட வெற்றிடங்களுக்கு நடுவே கோயில்கள் தனித்து நின்றன.

வீடுகளை ஒதுக்கியவர்கள் அண்டை அயலாரை ஒன்றாகக் குடியமர்த்த வேண்டும் என்று கருதவில்லை. ஒரே வரிசையில் வாழ்ந்த பத்துக் குடும்பங்கள் பத்துத் திசையில் சிதறின. ஆசிரியர் ஓரிடம், மாணவர் ஓரிடம், கோயில் வேறோரிடம். முதியோரோடு கூட்டுக் குடும்பமாய் இருந்தவர்கள் சிறு வீடுகளில் தனித்தனியே பிரிந்தனர். பாட்டி பேசிய தமிழைப் பேரன் கேட்டு வளர்ந்த வாய்ப்பு இதனால் குறைந்தது. 1960க்கும் 1980க்கும் இடையே மக்கள் கணக்கில் நாம் கண்ட வீழ்ச்சிக்கு ஆங்கிலப் பள்ளியோடு இந்தப் பெயர்ப்பும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

அந்நிலையில் கூட்டு வழிபாட்டின் வலிமை வெளிப்பட்டது. மூலத்தானமும் கொடிமரமும் இன்றியே அது நடக்கும். ஒரு வீட்டின் முன்னறை, ஒரு காமாட்சி விளக்கு, இருபது பேர், மனத்தில் இருக்கும் பாட்டு ஆகியவை போதும். பஞ்சபுராணம் என்று நாம் வழங்கும் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் எனும் ஐந்திலிருந்தும் ஒவ்வொரு பாட்டு ஓதினாலே வழிபாடு நிறைவுறும் என்பது நம் மரபு. இவ்வளவு சிறிய அளவில் முழுமை பெறும் ஒரு முறை, பெயர்த்து எறியப்பட்ட மக்களுக்கு ஏற்றதாய் அமைந்தது. வெள்ளத்தில் சுவர் போயினும் கதவு மிஞ்சியது போல, குடியிருப்பு போயினும் பாட்டு மிஞ்சிற்று. சாட்ஸ்வொர்த்தில் காலப்போக்கில் கோயில்களும் சங்கக் கிளைகளும் எழுந்தன.

இனி, கற்றோர் எழுப்பும் ஒரு வினாவை எதிர்கொள்வோம். பொருள் அறியாமல் பாடுவது கல்வியாகுமோ? திருவாசகத்தின் சிவபுராணமே பொருளுணர்ந்து ஓதுதலைச் சிறப்பித்து முடிகின்றது. ஆதலால் பொருள் வேண்டா என்று நாம் கூறத் துணியோம். டர்பன் அன்பரும் அவ்வாறு கூறவில்லை; பாட்டைத் தமிழிலும் பொருளை ஆங்கிலத்திலுமாகப் பிரித்து வைத்தனர். இதனால் கிடைத்தது யாது, இழந்தது யாது என்று நடுநின்று பார்த்தல் வேண்டும்.

கிடைத்தது அடையாளம். அங்கே ஒருவர் தம்மைத் 'தமிழ்' என்று கூறினால், அவர் தமிழ் பேசுவார் என்பது பொருளன்று. தமிழ் முறையில் வழிபடுவார், புரட்டாசியில் புலால் நீக்குவார், தைப்பூசத்தில் காவடி எடுப்பார் என்பதே பொருள். மொழியின் பெயர் சமய ஒழுக்கத்தின் பெயராயிற்று. தமிழர் மகனாய்ப் பிறந்து தமிழ்ச் சொல் ஒன்றையும் பேசாதவனும், தன் தந்தையின் இறுதிக் கடனில் திருமுறை ஓதப்பட வேண்டும் என்று விரும்புகின்றான். இஃது அக்கல்வியின் வெற்றி.

இழந்தது கைப்பிடி. பாடம் பெற்ற பாட்டை அவன் பாடுவான். பாடம் பெறாத பாட்டைத் தானே திறந்து படிக்க அவனால் இயலாது. நாற்பது பதிகம் அறிந்தவனுக்கு நாற்பத்தொன்றாம் பதிகம் வேண்டுமாயின் வேறொருவர் பெயர்த்து எழுதித் தர வேண்டும். பெயர்ப்பு நூலில் வந்தவையே அவனுக்குத் திருமுறை. வாராதவை இல்லாதவற்றோடு ஒக்கும். பதினெண்ணாயிரத்திற்கு மேற்பட்ட பாடல்கொண்ட பன்னிரு திருமுறையும் இவ்வாறு ஒரு சிறு தொகுப்பின் அளவிற்குக் குறுகிவிடும். மேலும், ஆசிரியர் எழுத்தறியாதவராயின் பிழையை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார் எவரும் இல்லை. ஒரு தலைமுறையின் மயக்கம் அடுத்த தலைமுறைக்கு மரபாகிவிடும்.

இக்குறையை அங்குள்ளோர் உணராமல் இல்லை. 1980களில் இந்தியர் பயின்ற அரசுப் பள்ளிகளிலேயே தமிழ் ஒரு பாடமாக நுழைந்தது. இனவெறி ஆட்சி வீழ்ந்தபின், 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு, போற்றி வளர்க்கத்தக்க மொழிகளின் வரிசையில் தமிழையும் பெயர் சுட்டிக் குறித்தது. ஆயினும் பள்ளிகள் அனைவர்க்கும் பொதுவான பின்னர் அப்பாடம் பல இடங்களில் நழுவியது. 2014இல் விருப்பப் பாடமாகக் கற்பிக்க மீண்டும் வழி செய்யப்பட்டது. அரசு தருவதும் எடுப்பதும் இவ்வாறு மாறி மாறி நிகழ, ஞாயிறு வகுப்பு மட்டுமே தொடர்ந்து நின்றது.

அவ்வகுப்புகளுக்கு நம் நாட்டிலிருந்து உதவ விரும்பும் அன்பர், அழகிய கட்டமைப்புடைய பெரிய தொகுப்புகளை அனுப்பிவிடுவதோடு நின்றுவிடுகின்றனர். அங்கே தேவைப்படுவது வேறு. பாடும் பாட்டின் தமிழ் எழுத்து வடிவம் ஆங்கில எழுத்திற்கு நேர்மேலே, அடிக்கு அடி, இருத்தல் வேண்டும். நாவில் முன்னரே ஏறிய பாட்டைத் தமிழ் எழுத்தில் காணும் பிள்ளை, தெரிந்த ஒலியைக் கொண்டு தெரியாத எழுத்தை அறிந்துகொள்ளும். எழுத்திலிருந்து பாட்டிற்குச் செல்வது நம் வழி; பாட்டிலிருந்து எழுத்திற்குச் செல்வது அவர்கட்கு இயன்ற வழி. 'அரன்' என்னும் சொல்லை நூறு முறை பாடிய பிள்ளைக்கு, அதில் வருவது இடையின ரகரம் என்று ஒரு முறை சுட்டிக் காட்டினால் போதும். பின்னர் 'அறன்' என்று எழுதியதைக் கண்டால், இது வேறு என்று அப்பிள்ளை தானே நிறுத்தும்.

அவ்வாறு நிறுத்திக் கேட்கும் பிள்ளை எந்த ஊரில் இருப்பினும், அங்கே திருமுறைக் கல்வி உயிரோடிருக்கின்றது என்று நாம் துணிந்து கூறலாம்.

திருச்சிற்றம்பலம்